வட்டிக் கணக்கை எங்கே எழுதி வைப்பது?

2010 ஏப்ரல் 1 அன்று இந்திய வங்கிகளில் சேமிப்புக் கணக்குக்கு வட்டி போடும் முறை மாறியது. அதற்கு முன்பெல்லாம் மாதத்தின் 10-ஆம் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை கணக்கில் இருந்த ஆகக் குறைந்த தொகை எதுவோ, அதற்கு மட்டும்தான் அந்த மாத வட்டி. மாதக் கடைசியில் ஒரே ஒரு நாள் பணத்தை எடுத்தாலும் மாதம் முழுவதற்குமான வட்டி அடிபட்டுப்போகும். தினசரி இருப்பின் மீதே வட்டி கணக்கிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்ன பிறகு இந்த நிலை மாறியது.

வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு கணக்கை எடுத்துப் பார்ப்போம். ஏப்ரல் 1 முதல் 25 வரை இருப்பு 80,000 ரூபாய். 26-ஆம் தேதி 70,000 எடுக்கிறார்கள்; மீதமுள்ள 5 நாளும் இருப்பு 10,000. அப்போது வட்டி விகிதம் 3.5 சதவீதம். பழைய முறையில் குறைந்த இருப்பு 10,000 என்பதால் அந்த மாத வட்டி 29 ரூபாய் 17 காசு. புதிய முறையில் 80,000-ஐ 25 நாளாலும் 10,000-ஐ 5 நாளாலும் பெருக்கிக் கூட்டினால் 20,50,000 வரும். வங்கிக்காரர்கள் இதை ‘புராடக்ட்’ என்பார்கள். அதை 3.5-ஆல் பெருக்கி 36,500-ஆல் வகுத்தால் 196 ரூபாய் 58 காசு.

சுற்றறிக்கையில் இது சில வரிகள்தான். ஆனால் வங்கியின் கணினிக்குள் யாரோ ஒருவர் உட்கார்ந்து பழைய கணக்கை எடுத்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். அந்தக் கணக்கு எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான் மென்பொருள் துறையில் பல வருடமாக ஓயாத ஒரு வாக்குவாதம் இருக்கிறது. தகவல்கள் இருக்கும் டேட்டாபேஸுக்கு உள்ளேயே விதிகளை எழுதி வைப்பதா, அல்லது அதற்கு வெளியே இயங்கும் அப்ளிகேஷனில் எழுதுவதா?

இரண்டு இடங்கள் எப்படி வந்தன?

வாடிக்கையாளரின் பெயர், இருப்பு, பணம் வந்தது போனது எல்லாம் டேட்டாபேஸில் அட்டவணைகளாக இருக்கும். கைபேசிச் செயலியோ கிளை அலுவலரின் கணினியோ நேரடியாக அதைத் தொடுவதில்லை. நடுவில் அப்ளிகேஷன் ஒன்று வேறு கணினிகளில் ஓடுகிறது. ஜாவா, டாட்நெட் போன்ற மொழிகளில் எழுதப்பட்ட அது, எஸ்க்யூஎல் கட்டளைகள் மூலம் டேட்டாபேஸிடம் கேட்டு வாங்குகிறது, மாற்றி எழுதுகிறது.

டேட்டாபேஸும் வெறும் கிடங்கு அல்ல. அதற்கு உள்ளேயே ஒரு நிரலை எழுதி, பெயர் வைத்துச் சேமித்து, வேண்டும்போது பெயரைச் சொல்லி ஓட்டலாம். இதுதான் ஸ்டோர்டு ப்ரொசீஜர். 1987-இல் வந்த சைபேஸ் நிறுவனத்தின் எஸ்க்யூஎல் சர்வர் இதைப் பரவலாக்கியது. ஆரக்கிளில் 1992-இல் வந்த 7-ஆம் பதிப்பிலும், மைஎஸ்க்யூஎல்லில் 2005-இல் வந்த 5.0 பதிப்பிலும் இந்த வசதி சேர்ந்தது.

தொண்ணூறுகளில் ப்ரொசீஜர்கள் செல்வாக்குப் பெற்றதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. அன்று அப்ளிகேஷன் என்பது ஒவ்வொரு மேஜையிலும் உள்ள கணினியில் நிறுவப்பட்ட மென்பொருள். அதில் வட்டிக் கணக்கை எழுதியிருந்தால், விதி மாறும்போது ஒவ்வொரு கிளைக்கும் ஃப்ளாப்பியோடு ஆள் போக வேண்டும். டேட்டாபேஸில் எழுதினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். பிறகு இணையவழி அப்ளிகேஷன்கள் வந்தன. நிரல் மேஜையை விட்டு நீங்கி, நிறுவனத்தின் சர்வர் அறைக்கே வந்துவிட்டது. பழைய காரணம் பெருமளவு போய்விட்டது. பழக்கம் மட்டும் தங்கியது. வேகம், சோதனை, வெளியீடு என்று இன்று சொல்லப்படும் மூன்று காரணங்களையும் அதனால் புதிதாகத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.

வேகம் எங்கிருந்து வருகிறது?

ப்ரொசீஜர் பக்கம் நிற்பவர்கள் முதலில் சொல்வது வேகம். அதில் உண்மை உண்டு. ஒரு கோடி கணக்குகள் உள்ள வங்கி என்று வைத்துக்கொள்வோம். அப்ளிகேஷன் ஒவ்வொரு கணக்காக எடுத்து, இருப்பு விவரத்தைக் கேட்க ஒரு தடவையும், வட்டியை எழுத இன்னொரு தடவையும் டேட்டாபேஸுக்குப் போய்வருகிறது. ஒரே டேட்டா சென்டருக்குள் ஒரு தடவை போய்வர சுமார் அரை மில்லி விநாடி ஆகும். ஆக, கணக்கு ஒன்றுக்கு ஒரு மில்லி விநாடி. ஒரு கோடிக்கு 10,000 விநாடி. கிட்டத்தட்ட 2 மணி 47 நிமிடம் வெறும் போக்குவரத்துக்கே போய்விடுகிறது.

இதே நிரலை அப்படியே வைத்துக்கொண்டு அப்ளிகேஷனைச் சென்னைக்கும் டேட்டாபேஸை மும்பைக்கும் பிரித்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு தடவை போய்வர 20 மில்லி விநாடி என்று கொண்டாலும் மொத்தம் 4 லட்சம் விநாடி, அதாவது நாலரை நாளுக்கு மேல். பழைய அப்ளிகேஷனை மட்டும் கிளவுடுக்கு மாற்றிவிட்டு டேட்டாபேஸைப் பழைய இடத்திலேயே விட்டவர்கள் முதல் மாதக் கடைசியில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

இதைப் பார்த்தவுடன் ‘அப்படியானால் ப்ரொசீஜர்தான் வேகம்’ என்ற முடிவுக்கு வருவது எளிது. ஆனால் நேரத்தைத் தின்றது அப்ளிகேஷன் அல்ல, ஒவ்வொன்றாகப் போய்வந்த பழக்கம். எல்லாக் கணக்குகளுக்கும் சேர்த்து ஒரே கட்டளை கொடுக்கலாம்:

```sql
SELECT account_id,
       SUM(balance * days) AS product,
       MIN(CASE WHEN end_day >= 10
                THEN balance END) AS min_balance
FROM balance_periods
WHERE month = '2010-04'
GROUP BY account_id;
```

`balance_periods` அட்டவணையில் ஒவ்வொரு வரியும் ‘இந்த இருப்பு, இத்தனை நாள், இந்தத் தேதி வரை’ என்று சொல்கிறது. நம் கணக்குக்கு அதில் இரண்டே வரிகள். கட்டளையை ஓட்டினால் புராடக்ட் 20,50,000 என்றும் குறைந்த இருப்பு 10,000 என்றும் வரும். முக்கியமான விஷயம், இதில் ஸ்டோர்டு ப்ரொசீஜர் எதுவும் இல்லை. அப்ளிகேஷனே அனுப்பக்கூடிய சாதாரணக் கட்டளைதான். தகவலை வெளியே இழுத்துக்கொண்டு வராமல், அது இருக்கும் இடத்திலேயே மொத்தமாகக் கூட்டச் சொன்னதால் வேகம் வந்தது.

மறுபக்கமும் உண்டு. ப்ரொசீஜருக்கு உள்ளேயே கர்சர் போட்டு ஒவ்வொரு கணக்காகச் சுற்றி வருகிறவர்கள் ஏராளம். நெட்வொர்க் பயணம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் ஒரு கோடித் தடவை தேடுவதும் ஒரு கோடித் தடவை எழுதுவதும் அப்படியே இருக்கும். டேட்டாபேஸுக்கு உள்ளே எழுதினாலே வேகமாக ஓடும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

‘ப்ரொசீஜர் முன்கூட்டியே கம்பைல் ஆகியிருக்கும், அதனால் வேகம்’ என்ற பேச்சும் பழைய காலத்தது. ஒரு கட்டளையை எந்த வழியில் நிறைவேற்றுவது என்று டேட்டாபேஸ் போடும் திட்டத்தை, அப்ளிகேஷனிலிருந்து வரும் கட்டளைகளுக்கும் அது நினைவில் வைத்துக்கொள்கிறது. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் அந்த நினைவே சில சமயம் வினையாகும். முதலில் 200 கணக்குள்ள சிறு கிளைக்காக ஓடியபோது போட்ட திட்டத்தை, பிறகு 2 லட்சம் கணக்குள்ள கிளைக்கும் பயன்படுத்தினால் ஓட்டம் தத்தளிக்கும். நேற்று சில விநாடியில் முடிந்த அதே வேலை, எதையும் மாற்றாமலே, சர்வரை மறுபடி இயக்கியதும் இழுத்தடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இன்னொரு செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும். அப்ளிகேஷன் சர்வர் நான்கு போதவில்லை என்றால் எட்டு ஆக்கிக்கொள்ளலாம். டேட்டாபேஸில் எழுதும் வேலையைப் பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய கணினிதான் பார்க்கிறது. வட்டிக் கணக்கு அதன் சிபியுவைப் பிடித்துக்கொண்டால், அதே நேரத்தில் ஏடிஎம்மில் அட்டையைச் செருகியவரும் காத்திருக்க வேண்டியதுதான்.

சோதித்துப் பார்ப்பது

விதியை அப்ளிகேஷன் நிரலில் ஒரு சிறு ஃபங்ஷனாக எழுதினால், அதைச் சோதிக்க டேட்டாபேஸே வேண்டாம். நம் ஏப்ரல் கணக்கை அப்படியே சோதனையாக்கலாம்:

```java
assertEquals(new BigDecimal("196.58"),
    interest(new BigDecimal("2050000"),
             new BigDecimal("3.5")));
```

இது ஓடி முடியக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. இருப்பு பூஜ்யமாக இருந்தால், கணக்கு மாத நடுவில் தொடங்கியிருந்தால், லீப் வருடம் வந்தால் என்று நூறு விதமான சோதனைகள் எழுதி, நிரலில் ஒரு எழுத்து மாறும்போதெல்லாம் அத்தனையையும் ஓட்டிப் பார்க்கலாம்.

இதே கணக்கு `post_interest` என்ற ப்ரொசீஜருக்குள் இருந்தால் நிலைமை வேறு. கணக்கு ஒன்றைச் சேர்க்க முதலில் ஒரு கிளை வேண்டும், ஒரு வாடிக்கையாளர் வேண்டும், ஒரு திட்டம் வேண்டும்; அட்டவணைகள் ஒன்றையொன்று கேட்கும். அதெல்லாம் சேர்த்து, இருப்பு வரிகளை எழுதி, ப்ரொசீஜரை ஓட்டி, பரிவர்த்தனை அட்டவணையில் 196.58 விழுந்ததா என்று பார்த்து, கடைசியில் எல்லாவற்றையும் ரோல்பேக் செய்ய வேண்டும். ப்ரொசீஜருக்கு நடுவில் யாராவது `COMMIT` எழுதியிருந்தால் ரோல்பேக்கும் நடக்காது; சோதனைக் குப்பை அப்படியே தங்கி அடுத்தவரின் சோதனையைக் கெடுக்கும். உள்ளே `SYSDATE` என்று எழுதி இன்றைய தேதியை எடுத்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். மார்ச் 31 அன்று என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள மார்ச் 31 வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது சர்வரின் கடிகாரத்தைத் திருக வேண்டும்.

இதற்கெல்லாம் வழி இல்லாமல் இல்லை. தேதியை வெளியிலிருந்து கொடுக்கலாம். கமிட் செய்யும் வேலையை அழைப்பவரிடம் விடலாம். சூத்திரத்தை மட்டும் தனி ஃபங்ஷனாகப் பிரிக்கலாம். ஆரக்கிளுக்கு utPLSQL, எஸ்க்யூஎல் சர்வருக்கு tSQLt, போஸ்ட்கிரெஸுக்கு pgTAP என்று சோதனைக் கருவிகளும் இருக்கின்றன. ப்ரொசீஜர்களைச் சோதிக்க முடியாது என்பது தவறு. சோதனைக்கு ஆகும் உழைப்பு அதிகம் என்பதும், அதனால் பல இடங்களில் யாரும் சோதிப்பதில்லை என்பதும்தான் உண்மை.

அப்ளிகேஷன் பக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறது. டேட்டாபேஸுக்குப் பதிலாக ஒரு போலியை வைத்துச் சோதித்தால் எல்லாம் பச்சை விளக்கு காட்டும். உண்மையான டேட்டாபேஸில் விழும். வெறும் எழுத்துக்கோவையை ஆரக்கிள் ‘மதிப்பு இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும்; போஸ்ட்கிரெஸ் அதை வெறும் எழுத்துக்கோவையாகவே வைத்திருக்கும். இத்தகைய வேறுபாடு போலியில் தெரியாது. ஆகவே எஸ்க்யூஎல் கட்டளைகளை, நிஜத்தில் ஓடும் அதே டேட்டாபேஸின் அதே பதிப்பை டாக்கர் கன்டெய்னரில் கிளப்பி, அதில்தான் சோதிக்க வேண்டும்.

சோதனையில் மட்டுமே பிடிபடும் ஒரு தவறு, காசைச் சுற்றுவதில் இருக்கிறது. 12.345 என்ற வட்டியை இரண்டு தசமத்துக்குச் சுற்றச் சொன்னால் ஆரக்கிளின் `ROUND` 12.35 என்று சொல்லும். டாட்நெட்டின் `Math.Round`, எதுவும் குறிப்பிடாவிட்டால், சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படைக்குக் கொண்டுபோய் 12.34 என்று சொல்லும். இரண்டுமே ஏற்கப்பட்ட முறைகள்தான். சிக்கல், ஒரே விதி இரண்டு இடத்திலும் எழுதப்பட்டிருக்கும்போது வரும். ‘இந்த மாதம் இவ்வளவு வட்டி வரும்’ என்று கைபேசியில் காட்டுவது அப்ளிகேஷன். கடைசியில் கணக்கில் போடுவது ப்ரொசீஜர். இரண்டும் ஒரு காசு மாறினால் வாடிக்கையாளர் கேட்பார்.

எப்போது சுற்றுகிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். நம் ஏப்ரல் கணக்கில் தினமும் வட்டியைச் சுற்றினால் 80,000-க்கு நாளொன்றுக்கு 7.67, 10,000-க்கு 0.96. 25 நாளும் 5 நாளும் சேர்த்தால் 196.55. கடைசியில் ஒரே தடவை சுற்றினால் 196.58. மூன்று காசுதானே என்று விட முடியாது. ஒரு கோடிக் கணக்கில் அதே மூன்று காசு என்றால் மூன்று லட்சம் ரூபாய். விதி எங்கே இருந்தாலும் சரி, ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

மாற்றத்தை வெளியிடும் நாள்

ப்ரொசீஜரை மாற்றுவது மிகச் சுலபம். `CREATE OR REPLACE PROCEDURE` என்று தொடங்கும் ஒரு கட்டளையை ஓட்டினால் அந்த நொடியிலிருந்து புதிய விதி. அப்ளிகேஷனைத் திரும்பக் கட்ட வேண்டாம், சர்வர்களை நிறுத்தி இயக்க வேண்டாம். நள்ளிரவில் வட்டி ஓட்டம் தவறாகப் போகும்போது இது வரப்பிரசாதம்.

அதே சுலபம்தான் ஆபத்தும். இரவு இரண்டு மணிக்கு டிபிஏ நேரடியாக உள்ளே நுழைந்து ஒரு வரியைத் திருத்துகிறார்; பிரச்சினை தீர்ந்தது; எல்லாரும் தூங்கப் போகிறார்கள். அந்தத் திருத்தம் நிரல் களஞ்சியமான கிட்டில் ஏறவில்லை. மூன்று வாரம் கழித்து வேறொரு மாற்றத்துக்காக கிட்டில் உள்ள பழைய கோப்பை ஓட்டுகிறார்கள். அன்று இரவு பழைய தவறு திரும்பி வருகிறது, யாருக்கும் காரணம் புரிவதில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. டேட்டாபேஸில் இப்போது உண்மையில் ஓடும் நிரலை ஆரக்கிளில் `ALL_SOURCE` காட்டும். போஸ்ட்கிரெஸில் `pg_get_functiondef` காட்டும். தினமும் அதை எடுத்து கிட்டில் உள்ள கோப்போடு ஒப்பிட்டு, மாறினால் எச்சரிக்கை அனுப்பினால் போதும். ஃப்ளைவே, லிக்விபேஸ் போன்ற கருவிகள் வழியாக மட்டுமே மாற்றம் போக வேண்டும் என்று வைத்துவிட்டால், அப்ளிகேஷன் நிரலுக்கு உள்ள ஒழுங்கு ப்ரொசீஜருக்கும் வந்துவிடும்.

அப்ளிகேஷன் சர்வர்கள் எட்டு இருந்தால், சேவை நிற்காமல் இருக்க ஒவ்வொன்றாகத்தான் புதுப்பிப்பார்கள். அந்த இருபது நிமிடம் சிலவற்றில் பழைய நிரலும் சிலவற்றில் புதிய நிரலும் ஓடும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ப்ரொசீஜர் ஒன்றே ஒன்று. அதற்கு ஒரு புதிய விவரத்தைக் கட்டாயமாகக் கேட்கும்படி மாற்றினால் பழைய சர்வர்கள் அழைக்கும்போது பிழை அடிக்கும். மாற்றாவிட்டால் புதியவை அழைக்கும்போது பிழை அடிக்கும். ஆகவே புதிய விவரத்துக்கு இயல்பு மதிப்பு வைக்க வேண்டும், அல்லது `post_interest_v2` என்று இன்னொன்றை ஏற்றிவிட்டு, எல்லா சர்வரும் மாறிய பிறகு பழையதை எடுக்க வேண்டும்.

விதி அப்ளிகேஷனில் இருந்தால் வேறு விதமான சிக்கல். அதே இருபது நிமிடத்தில் ஒரு சர்வர் பழைய விதிப்படியும் இன்னொன்று புதிய விதிப்படியும் வட்டி சொல்லும். எந்த சர்வரிடம் போகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. விதி அமலுக்கு வரும் நாளையும் நிரலை ஏற்றும் நாளையும் ஒன்றாக்கக் கூடாது. வட்டி மாற்றங்களை இப்படி ஓர் அட்டவணையில் வைக்கலாம்:

```
effective_from | method        | rate
2003-03-01     | MIN_10_TO_END | 3.5
2010-04-01     | DAILY_PRODUCT | 3.5
2011-05-03     | DAILY_PRODUCT | 4.0
```

2010-இல் இப்படிச் செய்திருந்தால் மார்ச் மாத நடுவிலேயே புதிய நிரலை ஏற்றியிருக்கலாம். அதற்கு இரண்டு முறையும் தெரியும். எந்தத் தேதிக்கு எது என்று அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யும். ஏப்ரல் 1 அன்று யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. பழைய விதியை அழிக்கவும் முடியாது. ஜனவரி முதல் ஜூன் வரையிலான அரையாண்டு வட்டியை ஜூன் கடைசியில் போடும் வங்கிக்கு, முதல் மூன்று மாதம் பழைய விதி, அடுத்த மூன்று மாதம் புதிய விதி. மூன்றாவது வரி இன்னும் நுணுக்கமானது. விகிதம் 4 சதவீதமாக உயர்ந்தது மே 3 அன்று. ஆகவே அந்த மே மாதத்தில் முதல் 2 நாளுக்கு 3.5, மற்ற 29 நாளுக்கு 4. மாதத்துக்கு ஒரே விகிதம்தான் என்று நினைத்து எழுதிய நிரல் அங்கே தோற்கும்.

அட்டவணைக்கும் எல்லை உண்டு. 2011 அக்டோபர் 25 அன்று சேமிப்பு வட்டியை வங்கிகளே தீர்மானிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி விட்டது. ஒரு லட்சம் ரூபாய் வரை ஒரே விகிதம், அதற்கு மேல் வேண்டுமானால் வேறு விகிதம். இப்போது மாறியது எண் அல்ல, விதியின் வடிவம். ஒரே ஒரு `rate` பத்தியில் அது அடங்காது. நிரலை மாற்றியே ஆக வேண்டும். எதிர்காலத்தில் வரக்கூடிய எல்லா விதியையும் அட்டவணையிலேயே அடக்கிவிடலாம் என்று பத்திகளைச் சேர்த்துக்கொண்டே போனால், சோதனைக் கருவி எதுவும் இல்லாத ஒரு புதிய நிரல் மொழியைத்தான் கண்டுபிடித்திருப்போம்.

டேட்டாபேஸை விட்டு நகரக் கூடாத விதி

எல்லா விதியும் வட்டிக் கணக்கைப் போன்றது அல்ல. ‘இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது’ என்பதை எடுத்துக்கொள்வோம். கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் 5,000 ரூபாய் இருக்கிறது. ஒருவர் ஏடிஎம்மில் 4,000 எடுக்கிறார். அதே நொடியில் மற்றவர் கைபேசியில் 4,000 அனுப்புகிறார். இரண்டு அப்ளிகேஷனும் இருப்பைப் படிக்கின்றன. இரண்டுக்கும் 5,000 தெரிகிறது. இரண்டும் சரி என்று கழிக்கின்றன. அப்ளிகேஷனில் எழுதிய ஃபங்ஷன் எத்தனை சோதனையில் தேறியிருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே உலகம் மாறிவிட்டது.

சோதிப்பதையும் கழிப்பதையும் ஒரே கட்டளையில் கட்டினால் தீர்வு வரும்:

```sql
UPDATE accounts
SET balance = balance - 4000
WHERE id = 1017 AND balance >= 4000;
```

முதல் கட்டளை அந்த வரியைப் பூட்டிவிடும். இரண்டாவது காத்திருந்து, பூட்டு திறந்ததும் நிபந்தனையைப் புதிய இருப்போடு ஒப்பிடும். 1,000 தான் இருக்கிறது. ஆகவே எந்த வரியும் மாறாது. ‘மாறிய வரிகள் 0’ என்று பதில் வந்தால் அப்ளிகேஷன் ‘போதிய இருப்பு இல்லை’ என்று சொல்லிவிடும். அதற்கும் மேல் அட்டவணையிலேயே `CHECK (balance >= 0)` என்று ஒரு கட்டுப்பாடு வைத்துவிட்டால், நள்ளிரவில் கையால் கட்டளை தட்டுபவர்கூட அதை மீற முடியாது.

இதிலும் ஸ்டோர்டு ப்ரொசீஜர் இல்லை என்பதைக் கவனியுங்கள். ப்ரொசீஜர் தன் வழியாக வருபவர்களைத்தான் தடுக்கும். அட்டவணையில் எழுதும் உரிமையை எல்லாரிடமிருந்தும் பறித்து, ப்ரொசீஜரை ஓட்டும் உரிமையை மட்டும் கொடுத்தால்தான் அது முழுக் காவல். வெவ்வேறு நிறுவனங்கள் எழுதிய ஐந்தாறு மென்பொருள்கள் ஒரே டேட்டாபேஸை நேரடியாகத் தொடும் இடங்களில் இன்றும் அது நல்ல ஏற்பாடு. ஒரே ஒரு அப்ளிகேஷன் மட்டும் தொடும் இடத்தில் அதற்குத் தேவை குறைவு.

பிரித்துப் போட்டால்

இப்போது வட்டி வேலையை மூன்றாகப் பிரிக்கலாம். புராடக்ட்டையும் குறைந்த இருப்பையும் கூட்டி எடுப்பது கோடிக்கணக்கான வரிகளைத் தொடும் வேலை. அதை முன்பு பார்த்த ஒரே எஸ்க்யூஎல் கட்டளை டேட்டாபேஸிலேயே செய்யட்டும். எந்த முறை, எந்த விகிதம், எப்போது சுற்றுவது என்பது வாதத்துக்கும் மாற்றத்துக்கும் உரியது. அது அப்ளிகேஷனில், சோதனைகளோடு இருக்கட்டும். வட்டியை எழுதும்போது, ஒரே கணக்குக்கு ஒரே காலத்துக்கு இரண்டு தடவை போடக் கூடாது என்பதை `UNIQUE (account_id, period_end)` என்ற கட்டுப்பாடு பார்த்துக்கொள்ளட்டும். ஓட்டம் 43 லட்சம் கணக்கில் நின்றுபோனாலும், ஏற்கெனவே விழுந்தவற்றை விட்டுவிட்டு மீதியை மட்டும் பயமில்லாமல் ஓட்டலாம்.

இப்படிப் பிரித்தால் வேகம் போய்விடாதா? கணக்குகளைப் பத்தாயிரம் பத்தாயிரமாக எடுத்து, கணக்கிட்டு, பத்தாயிரமாகவே திருப்பி எழுதினால் போக ஆயிரம், வர ஆயிரம் என்று 2,000 பயணம். அரை மில்லி விநாடி வீதம் மொத்தம் ஒரு விநாடி. தகவலைச் சுமந்து செல்லவும் எழுதவும் ஆகும் நேரம் தனி. ஆனால் முன்பு பயணத்துக்கு மட்டும் ஆன 2 மணி 47 நிமிடம் மறைந்துவிட்டது. விதியை டேட்டாபேஸுக்குள் தள்ளச் சொன்ன முக்கியமான காரணமும் அதோடு மறைந்துவிட்டது.

ஆகப் புதிதாகக் கட்டுபவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: தகவல் ஒருபோதும் மீறக் கூடாதவற்றைக் கட்டுப்பாடுகளாக டேட்டாபேஸில் வையுங்கள், மொத்தமாகத் தொட வேண்டியதை எஸ்க்யூஎல்லில் எழுதுங்கள், உத்தரவுக்கு உத்தரவு மாறுவதை அப்ளிகேஷனில் வையுங்கள். இருபது வருடமாக ப்ரொசீஜர்களில் ஓடும் அமைப்பை இதற்காக உடைக்க வேண்டியதில்லை. அவற்றை கிட்டில் ஏற்றி, தேதியை வெளியே எடுத்து, சோதனை எழுதினாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மாற்றியே தீர வேண்டும் என்றால் ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய ப்ரொசீஜரையும் புதிய நிரலையும் முடிந்துபோன ஒரு காலாண்டின் உண்மையான கணக்குகள் மேல் ஓட்டி, காசுக்குக் காசு ஒப்பிடுங்கள். மாறுபடும் கணக்குகளின் பட்டியல் கட்டாயம் வரும். ஊழியர் கணக்குக்கு ஒரு சதவீதம் கூடுதல் வட்டி, ஒரு ரூபாய்க்குக் குறைந்த வட்டியைப் போடாமல் விடுவது என்று, எந்த ஆவணத்திலும் எழுதாமல் ப்ரொசீஜருக்குள் மட்டும் வாழ்ந்துகொண்டிருக்கும் விதிகள் அதில்தான் வெளிப்படும். ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டு, சோதனை எழுதி, அந்தப் பட்டியல் காலியாகும் வரை பழையதை நீக்காதீர்கள்.